டெலிவரி சலான் இல. 47/2025: 360 சேர்ட்டுக்கான துணி, திரும்பி வர வேண்டிய நாள், சேதாரக் கணக்கு

அக்கா வணக்கம், இண்டைக்கு 2025 ஜூன் 2ம் திகதி திங்கட்கிழமை காலமை எட்டரைக்கு வெள்ளவத்தை கடையில இருந்து பட்டா லொறி வெளிக்கிட்டுது, மட்டக்குளிக்கு வர எப்பிடியும் பத்து மணியாகும். சலான் மூண்டு பிரதி. வெள்ளைத் தாள் உங்களுக்கு, நீலத் தாள் டிரைவர் தம்பி வச்சிருக்கிறார், மஞ்சள் எங்கட புத்தகத்தில நிக்குது. சாமானை எண்ணிப் பாத்திட்டு நீலத் தாளில கையொப்பம் வச்சு அவரிட்டயே குடுத்து விடுங்கோ. அவசரத்தில எண்ணாமல் வைக்க வேண்டாம் அக்கா, லொறி ஒரு மணித்தியாலம் நிண்டாலும் பரவாயில்ல, காத்து நிக்கிற காசு நான் குடுக்கிறன்.

சலானில உள்ளதை இதிலயும் அப்பிடியே போடுறன், தாள் நனைஞ்சு கினைஞ்சு போனாலும் போனில இருக்கும்.

அனுப்புறது: எங்கட கடை, வெள்ளவத்தை, கொழும்பு 06
பெறுறது: உங்கட தையல் கூடம், மட்டக்குளி, கொழும்பு 15
காரணம்: தையல் கூலிக்கு மட்டும். விற்பனை இல்ல, துணி எங்கட சொத்து
துணி: வெள்ளை பொலி கொட்டன், அகலம் 58 அங்குலம், 150 ஜிஎஸ்எம், 5 ரோல்
ரோல் 1: 108.4 மீற்றர் (ஷேட் A)
ரோல் 2: 106.0 மீற்றர் (ஷேட் A)
ரோல் 3: 107.5 மீற்றர் (ஷேட் B)
ரோல் 4: 105.2 மீற்றர் (ஷேட் A)
ரோல் 5: 105.5 மீற்றர் (ஷேட் B)
மொத்தம்: 532.6 மீற்றர், மீற்றர் 780 ரூபாப்படி பெறுமதி 415,428 ரூபா
பட்டன்: 24 குரோஸ், 3,456
நூல்: 5,000 மீற்றர் கோன் 10
கொலர் கன்வஸ்: 30 மீற்றர்
ஹொட்டல் பட்ஜ்: 364
தைச்சு வர வேண்டியது: அரைக்கை 240, முழுக்கை 120
கடைசியாத் திரும்ப வேண்டிய நாள்: 2025 ஜூன் 23, திங்கட்கிழமை

இனி இந்த மீற்றர்க் கணக்கு எப்பிடி வந்தது எண்டு சொல்லுறன், நீங்களும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, பிழை இருந்தால் வெட்ட முதல் சொல்லுங்கோ. நீங்கள் வெட்டித் தந்த ரெண்டு சாம்பிளின்ர மார்க்கரை வச்சுத்தான் எடுத்தனான். அரைக்கைக்கு 1.35 மீற்றர், 240க்கு 324 மீற்றர். முழுக்கைக்கு 1.60, 120க்கு 192 மீற்றர். ரெண்டும் சேத்து 516. இதில கை, முதுகு, கொலர் எல்லாத்துக்கும் இடையில விழுற இடைவெளித் துண்டு ஏற்கனவே இருக்கு, அதை சேதாரம் எண்டு திரும்ப எடுக்கேலாது. அதுக்கு மேல சேதாரம் நூற்றுக்கு 3, கணக்குப்படி 15.48 மீற்றர் வரும், நான் 16 எண்டே எழுதியிருக்கிறன். ரோல் தொடங்கிற முடியிற நுனித் துண்டு, விரிக்கேக்க ரெண்டு பக்கமும் விடுற ஓரம், வெட்டுப் பிழைச்சுத் திரும்ப வெட்டுற பாகம், ஊசி எண்ணெய்க் கறை, எல்லாம் இந்த 16க்குள்ளதான்.

ரோல் 3இல 41வது மீற்றரடியில ஒரு நெசவுக்கோடு குறுக்க ஓடுது, கரையில சிவப்பு நூல் கட்டி விட்டிருக்கிறன், விரல் வச்சுத் தடவினாலே தெரியும். அந்த 60 சென்ரிமீற்றர் உங்கட கணக்கில வராது, வெட்டி எடுத்து துண்டை எனக்குத் திருப்பித் தாங்கோ, துணி தந்தவையிட்டக் காட்ட வேணும். 516ம் 16ம் 0.6ம் சேந்துதான் 532.6.

அக்கா மூண்டு வீதம் காணாது எண்டு போனில சொன்னனீங்கள், அதை நான் இரவிரவா யோசிச்சனான். சேதாரம் எங்க கூடுது எண்டால் விரிப்பிலதான். ஒவ்வொரு மடிப்புக்கும் ரெண்டு பக்கமும் 2 சென்ரிமீற்றர்ப்படி 4 சென்ரிமீற்றர் போகும். ரெண்டு சேர்ட்டா விரிச்சால் நீளம் 2.70 மீற்றர், அதில அந்த 4 சென்ரிமீற்றர் கிட்டத்தட்ட ஒண்டரை வீதம். உங்கட மேசை 24 அடி, எண்டால் 7.3 மீற்றர், அரைக்கை அஞ்சு ஒண்டா விரிக்கலாம், 6.75 மீற்றர், அப்ப அதே 4 சென்ரிமீற்றர் 0.6 வீதம்தான். அதால தயவுசெய்து அஞ்சு அஞ்சா விரியுங்கோ, ரோல் முடியிற இடத்தில மிஞ்சுற நீளத்தை எறியாமல் தனிச் சேர்ட்டுக்கு வையுங்கோ. ஆனால் ஷேட் மாத்திப் போட வேண்டாம். A வெள்ளையும் B வெள்ளையும் கடை லைட்டில ஒண்டு மாதிரித்தான், வெளிய வெயிலில பிடிச்சால் B கொஞ்சம் நீலம் அடிக்குது. A உடம்புக்கு B கை போட்டால் ஹொட்டல்காரர் அந்தச் சேர்ட்டை எடுக்க மாட்டினம். முழுக்கை 120ம் A ரோலிலயே வெட்டுங்கோ, மனேஜர்மார் போடுறது அது.

பட்டன் அரைக்கைக்கு 8 (முன்னுக்கு 7, உள்ளுக்கு மேலதிகம் 1), 1,920. முழுக்கைக்கு 12, 1,440. மொத்தம் 3,360, மிச்சம் 96. அதில 67 வரைக்கும் உடைஞ்சது துலைஞ்சதுக்கு விடலாம், நூற்றுக்கு 2 கணக்கு, மற்ற 29ம் திரும்ப வர வேணும். பட்ஜ் ஹொட்டல்ர பேர் போட்டது, அதுக்கு சேதாரம் கிடையாது, 360 தைச்ச பிறகு 4ம் கையில வேணும், கோணலாத் தைச்சு வெட்டி எடுத்ததெண்டாலும் அந்தத் துண்டையே தாங்கோ. நூல், கன்வஸ் மிஞ்சினதைத் திருப்பி அனுப்பினால் போதும்.

துண்டு துணி விசயம். 50 சென்ரிமீற்றருக்கு மேல நீளமான எல்லாம் கட்டி அனுப்புங்கோ, சின்னத்துண்டெல்லாம் ஒரு சாக்கில போட்டு வையுங்கோ, வெளிய குடுக்க முதல் நான் வந்து நிறுத்துப் பாக்க வேணும். இந்தத் துணி மீற்றருக்கு 220 கிராம் அளவில நிக்கும். மார்க்கர் இடைவெளி 15 வீதம் எண்டு வச்சால் 17 கிலோ, 16 மீற்றர் சேதாரம் மூண்டரைக் கிலோ, சாக்கில 20, 21 கிலோ இருக்க வேணும். நிறுத்து முடிய சாக்கு உங்களுக்குத்தான், தலகாணிக்கோ துடைக்கிற துணிக்கோ வில்லுங்கோ, அந்தக் காசு எனக்கு வேண்டாம்.

16 மீற்றருக்கு மேல போனால் ஒவ்வொரு மீற்றருக்கும் 780 ரூபா கூலியில கழிப்பன். 16க்குக் குறைய முடிச்சு நல்ல துணியாத் திருப்பித் தந்தால் மீற்றருக்கு 300 ரூபா உங்களுக்குக் கூடத் தருவன், அது வெட்டுற தம்பிக்குப் போனால் எனக்குச் சந்தோசம். கூலி பேசினபடி அரைக்கை 420, முழுக்கை 520, மொத்தம் 163,200. பாதி முதல் ரெண்டு லொட்டும் வந்த பிறகு, மிச்சம் கடைசி லொட்டும் மீதிச் சாமானும் வந்து கணக்கு முடிஞ்ச அண்டைக்கே.

திகதி: 13ம் திகதி வெள்ளி அரைக்கை 120, 18ம் திகதி புதன் அரைக்கை மற்ற 120, 23ம் திகதி திங்கள் முழுக்கை 120, அதோட மிச்சத் துணி பட்டன் பட்ஜ் எல்லாம். இடையில 7ம் திகதி ஹஜ் பெருநாள், 10ம் திகதி பொசன் போயா, உங்கட பிள்ளையள் லீவு எடுப்பினம் எண்டு தெரிஞ்சுதான் முதல் லொட்டுக்குப் பதினொரு நாள் விட்டனான். 27ம் திகதி நான் கொள்ளுப்பிட்டியில ஒப்படைக்க வேணும், இடையில நாலு நாள்தான் இருக்கு, அதுக்குள்ள செக் பண்ணி அயன் பண்ணி பெட்டியில போட வேணும். பிந்தும் எண்டு பட்டால் 16ம் திகதிக்கு முதல் சொல்லுங்கோ, நான் வேற ஆள் வச்சு பட்டன் வேலையாவது எடுப்பன். 22ம் திகதி இரவு சொன்னால் என்னால ஒண்டும் செய்யேலாது அக்கா.

வேற வீடுகளுக்கு வெட்டின பாகத்தைக் குடுக்கிறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ, எத்தினை செட் எண்டு சலானிலயே பின்பக்கம் எழுதுங்கோ. ரோலை நிலத்தில வைக்க வேண்டாம். களனி கங்கை கரையில இருக்கிறீங்கள், தென்மேல் மழை தொடங்கியிட்டுது, பலகை போட்டு ரெண்டடி உயரத்தில வைச்சு மேல பொலித்தீன் மூடுங்கோ, வெள்ளைத் துணியில தண்ணிக் கறை ஏறினால் போகாது.

இவ்வளவும் எழுதுறது உங்களில நம்பிக்கை இல்லாமல் இல்ல. போன வருசம் இன்னொரு இடத்துக்கு 300 மீற்றர் வாயால சொல்லிக் குடுத்தனான், 38 மீற்றர் குறைஞ்சு வந்தது. அந்த அண்ணை துணியே குறையத்தான் வந்தது எண்டார், நான் சரியா அளந்தது எண்டன், ரெண்டு பேரிட்டயும் ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. பன்ரெண்டு வருசப் பழக்கம், இப்ப றோட்டில கண்டாலும் கதைக்கிறேல்ல. அந்தக் காசை விட அதுதான் எனக்கு இண்டைக்கும் மனசில கிடக்குது. நான் திருப்பூரில மூண்டு வருசம் வேலை செய்தனான், அங்க சலான் இல்லாமல் ஒரு ரோலும் கேட்டைத் தாண்டாது. இந்திய ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் வேர்க்குக்குப் போன மூலப்பொருள் ஒரு வருசத்துக்குள்ள திரும்பாட்டி, அனுப்பின நாளிலயே வித்ததா எடுத்து வரி கேப்பினம், அதனால அங்க எல்லாரும் நம்பரும் திகதியும் பாத்துத்தான் கதைப்பினம். எங்களுக்கு இங்க கெடு அந்தச் சட்டமில்ல, 27ம் திகதிதான், ஆனால் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு அங்க வந்தது.

ரோல் நீளம் குறைவா இருந்தால் ரெண்டு நாளுக்குள்ள, 4ம் திகதி பின்னேரத்துக்குள்ள, வெட்ட முதல் சொல்லுங்கோ. அளந்து காட்டி போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில போட்டால் போதும், நான் சலானைத் திருத்தி அனுப்புவன். வெட்டின பிறகு சொன்னால் சலானில உள்ள அளவுதான் கணக்கு.

லொறி வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் தாங்கோ, பட்ஜ் பக்கெட் சின்னது, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில நூல் பெட்டிக்குள்ள இருக்கு, முதல் அதை இறக்குங்கோ.