எண்ணெய் மேல் அட்டை: கடைத்தள விபத்தில் யாருக்கு என்ன பொறுப்பு?

கணக்கு

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடை. இரண்டு மாடிக் கட்டடம் முழுவதும் கடைக்காரரின் வாடகையில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை 6.10க்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய்ப் போத்தல் உடைகிறது. ஊழியர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, எண்ணெய் மேல் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போடுகிறார். மாப் எடுக்கப் போனவரைக் கவுண்டருக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். 6.32க்கு, கைப்பேசியைப் பார்த்தபடி வந்த 52 வயது வாடிக்கையாளர் அட்டையில் கால் வைக்கிறார். அட்டை வழுக்கி அவர் மணிக்கட்டு முறிகிறது. சத்தம் கேட்டு எல்லாரும் கூடும்போது, எதுவும் வாங்க வராமல் கழிப்பறைக்குப் போக மட்டும் கேட்டு உள்ளே வந்திருந்த ஒருவர், அதே அட்டையின் மறுமுனையில் விழுந்து முட்டியில் அடிபடுகிறார்.

அந்த வாடிக்கையாளருடன் வந்த 13 வயதுப் பையன் ‘ஊழியர் மட்டும்’ என்று எழுதிய கதவைத் தாண்டி மாடிக்கு ஏறுகிறான். அங்கே மூட்டை தூக்கும் திறப்புக்குத் தடுப்பு இல்லை, விளக்கும் எரியவில்லை. கீழே விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். பிள்ளைகளை அந்தப் படியிலிருந்து இரண்டு முறை விரட்டியதாகக் கடைக்காரரே ஒப்புக்கொள்கிறார். மூவரும் நஷ்டஈடு கேட்கிறார்கள்.

ஆய்வு

இப்படியொரு கேள்விக்கு இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு இடப்பொறுப்புச் சட்டத்தை வைத்து விடை எழுதத் தொடங்குவதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. தீபகற்ப மலேசியாவில் அது செல்லாது. 1956 குடிமைச் சட்டம் 3ஆம் பிரிவின்படி, 7 ஏப்ரல் 1956 அன்று இருந்த ஆங்கிலப் பொதுச் சட்டமே நமக்கு வந்தது. அதனால் வந்தவர் வியாபாரத்துக்காக வந்தவரா, வெறும் அனுமதியோடு வந்தவரா, அத்துமீறியவரா என்ற பழைய கேள்வி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரே பொறுப்பாளர். இங்கே அது கடைக்காரர்தான், வீட்டுக்காரர் அல்ல. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

வாடிக்கையாளர் கடையின் வியாபாரத்துக்காக வந்த ‘இன்வைட்டி’. இண்டர்மோர் எதிர் டேம்ஸ் (1866) வழக்கின்படி, கடைக்காரர் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய வழக்கத்துக்கு மாறான ஆபத்திலிருந்து அவரைக் காக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். டர்னர் எதிர் ஆர்டிங் அண்ட் ஹாப்ஸ் (1949) வழக்கில், கடைத் தரையில் கிடந்த காய்கறித் துண்டில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். அந்தத் துண்டு எப்படி வந்தது, தடுக்க என்ன செய்தார்கள் என்பதைக் கடைதான் விளக்க வேண்டியிருந்தது. 22 நிமிடம் எண்ணெய் அங்கேயே கிடந்ததற்கு ‘கூட்டம் அதிகம்’ என்பது விளக்கமாகாது. கூட்டம் வரும் என்று தெரிந்த வாரத்தில் துடைக்க ஒருவரை ஒதுக்கியிருக்க வேண்டும்.

இந்த வழக்கின் முடிச்சு அட்டையில்தான் இருக்கிறது. ஆபத்தை முழுதாகத் தெரிந்துகொண்டே கால் வைத்த இன்வைட்டிக்கு லண்டன் கிரேவிங் டாக் எதிர் ஹார்டன் (1951) வழிவிடாது. திறந்து கிடந்த எண்ணெய் என்றால் கடைக்காரர் அந்த வாதத்தை எடுக்கலாம். அட்டை அதை மூடிவிட்டது. மேலே பார்த்தால் யாரோ போட்டுவைத்த பெட்டி, அடியில் வழுக்கும் எண்ணெய். பாதுகாப்புக்காகச் செய்த வேலையே கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தைப் பொறியாக்கியது. கைப்பேசியைப் பார்த்து நடந்ததற்காக குடிமைச் சட்டம் 12ஆம் பிரிவின் கீழ் நஷ்டஈடு குறையலாம். ஆனால் நிமிர்ந்து நடந்திருந்தாலும் அட்டைக்கு அடியில் இருப்பது தெரிந்திருக்காது என்பதால், அந்தக் குறைப்பு சிறியதாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கழிப்பறைக்கு வந்தவர் அனுமதியோடு நுழைந்த ‘லைசென்சி’. அவருக்கு உள்ள கடமை குறைவு. பொறுப்பாளருக்கு உண்மையிலேயே தெரிந்த மறைந்த ஆபத்தைப் பற்றி மட்டும் எச்சரித்தால் போதும். இங்கேயும் அட்டைதான் சாட்சி. தெரியாமல் யாரும் எண்ணெய் மேல் அட்டை போட மாட்டார்கள், ஊழியர் அறிந்தது கடைக்காரர் அறிந்ததாகும். ஆனால் முதலில் விழுந்தவரைக் கண்ணால் பார்த்த பிறகு இவர் கால் வைத்திருந்தால் ஆபத்து மறைந்ததல்ல, கோரிக்கை விழுந்துவிடும். வினாடிகள்தான் தீர்மானிக்கும். கேமராப் பதிவை முதலில் பார்க்க வேண்டும்.

பையன் கடைக்குள் இருந்தவரை சட்டப்படி வந்தவன். அந்தக் கதவைத் தாண்டியதும் அத்துமீறியவன். ஓர் இடத்துக்கு வரச் சொன்னது எல்லா இடத்துக்கும் வரச் சொன்னதாகாது. ஆடி எதிர் டம்ப்ரெக் (1929) கடுமையானது: வேண்டுமென்றே செய்த தீங்கு, அல்லது அவன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்தும் பொருட்படுத்தாத செயல் இருந்தால் மட்டுமே பொறுப்பு. ஹெரிங்டன் வழக்கு (1972) மனிதநேயக் கடமையைக் கொண்டுவந்தது. 1956க்குப் பிந்தியதால் அது நம்மைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டலாம். அதை ஏற்றால் கேட்க வேண்டியவை: பிள்ளைகள் ஏறுவது தெரியுமா, ஆபத்து எவ்வளவு, தடுக்க என்ன செலவு. இரண்டு முறை விரட்டியவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. திறப்புக்கு ஒரு கம்பி, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு விளக்கு போதும். பெரிய செலவில்லை. பையனுக்கும் வழி இருக்கிறது என்றே வாதிடுவோம், ஆனால் மூவரில் இவன் கோரிக்கைதான் பலவீனமானது.

பெரியவர்கள் இருவருக்கும் தீபகற்பத்தில் காலவரையறை 6 ஆண்டு. கோரிக்கை 100,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ். கேமராப் பதிவு 6 ஆண்டு காத்திருக்காது, சில வாரங்களில் அதன் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். 6.10 முதல் 6.40 வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கும்படி கடைக்காரருக்கு இன்றே எழுத்தில் கடிதம் போக வேண்டும். அட்டையையும் தூக்கிப்போடாமல் வைக்கச் சொல்லி அதிலேயே கேட்க வேண்டும்.