தம்பிக்கு நன்றி

தம்பி, நேற்று ராத்திரி ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டுப் போன் செய்தேனே, அந்த அண்ணன்தான். தங்கச்சி கண் விழித்துவிட்டாள். பிரசவத்துக்குப் பின் நிற்காமல் இருந்த ரத்தப்போக்கு நின்றுவிட்டது. பிள்ளையும் நன்றாக இருக்கிறான்.

முன்பின் தெரியாத எங்களுக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு அந்த நேரத்தில் பைக்கில் வந்தீர்கள். "எந்த ஆஸ்பத்திரி அண்ணே?" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ரத்தம் கொடுத்த பிறகும் உடனே கிளம்பாமல், அழுதுகொண்டிருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "ஒன்றும் ஆகாதும்மா" என்றீர்கள். அதைத்தான் அம்மா காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ரொம்ப நன்றி தம்பி.

உடம்பு எப்படி இருக்கிறது? நிறைய தண்ணீர் குடியுங்கள், இன்று வெயிலில் அலைய வேண்டாம். அப்புறம், பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு அவசியம் வீட்டுக்கு வாங்க. தங்கச்சி உங்களைப் பார்க்க வேண்டுமாம்.