பொட்டுவை இழந்த எங்கள் பாப்பாவுக்காக ஒரு வேண்டுதல்

(விளக்கேற்றிவிட்டு, பாப்பாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, நிதானமாகச் சொல்ல. அழுகை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் விட்ட இடத்திலிருந்து சொல்லலாம்.)

தாயே, திருவொற்றியூர் வடிவுடையம்மா,

விளக்கு ஏற்றிவிட்டோம். பாப்பா என் மடியில்தான் இருக்கிறாள். இன்றைக்குப் பரீட்சைக்கோ வேலைக்கோ வேண்டிக்கொள்ள வரவில்லை. எங்கள் நாய் பொட்டு செத்துப்போய்விட்டாள். அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

செத்துப்போய்விட்டாள் என்றேதான் சொல்கிறோம், அம்மா. தூங்குகிறாள் என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால், எப்போது எழுந்திருப்பாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால், நம்மை விட்டுவிட்டு ஏன் போனாள் என்று கேட்பாள். அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டோம். பொட்டுவின் மூச்சு நின்றுவிட்டது. இனி அவள் வரமாட்டாள். இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது.

அவள் எப்படி எங்களிடம் வந்தாள் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் பாப்பா சொல்லச் சொல்கிறாள், சொல்கிறேன். 2023 டிசம்பரில் புயல் மழை கொட்டித் தீர்த்ததே, வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்துவந்து எண்ணூர்க் கழிமுகத்தையும் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியதே, அந்த நாட்களில் வந்தவள் அவள். தெருமுனையில் நின்ற மீன்பாடி வண்டிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பாப்பாவும் அவள் அப்பாவும் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்தார்கள், அப்புறம் ஷாம்பு பாக்கெட்டுகளாகக் கிழித்துக் கழுவினார்கள். பக்கெட் பக்கெட்டாகக் கருந்தண்ணீர் போனது. கடைசியில் நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. "அம்மா, இவ பொட்டு வெச்சிருக்கா!" என்று பாப்பா கத்தினாள். அன்றைக்கு வந்த பெயர்தான்.

அவளைக் கொடுத்ததற்கு உனக்கு நன்றி, தாயே.

காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கிவந்தால் பை வாசலைத் தாண்டும் முன்பே மோப்பம் பிடித்துவிடுவாள். தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிவாள். பாப்பாவும் கூடவே போய்ப் படுத்துக்கொண்டு அவள் காதைப் பொத்துவாள். பள்ளிக்கூட வேன் திரும்பும் சத்தம் எங்கள் யாருக்கும் கேட்காது, அவளுக்கு மட்டும் கேட்கும். வாலை ஆட்டும்போது வால் மட்டுமா ஆடியது, இடுப்போடு சேர்ந்து முழு உடம்பும் ஆடியது! இதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது. இந்தச் சந்தோஷத்தை யாரும் எங்களிடமிருந்து எடுக்க முடியாது.

ஆனால் இப்போது வலிக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்ப வலிக்கிறது.

பாப்பாவின் மனசில் ஒரு முள் இருக்கிறது, அம்மா. "நான் உண்ணியை ஒழுங்கா பார்த்து எடுத்திருந்தா பொட்டு செத்திருக்காதா?" என்று நேற்று ராத்திரி கேட்டாள். அந்த முள்ளை நீதான் எடுக்க வேண்டும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணி பெரியவர்கள் கண்ணுக்கே தப்பிவிடும். உண்ணிக் காய்ச்சல் வந்து அவள் ஈறு வெளுத்தபோது வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். மருந்து கேட்கும் நிலையை அவள் உடம்பு தாண்டியிருந்தது. இதில் பாப்பாவின் தப்பு எதுவும் இல்லை. எங்கள் வாயால் எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு ஏறவில்லை. நீ உள்ளே இருந்து சொல்லு.

அவளை அழவிடு, தாயே. "நாய்தானே, வேற வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு அவளைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள். வேறு குட்டியைப் பற்றி இப்போது நாங்கள் பேசப்போவதில்லை. உன் மேல் கோபம் என்று அவள் சொன்னால் அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொள். பெற்றவளிடம் கோபிக்காமல் பிள்ளை வேறு யாரிடம் கோபிக்கும்? நடுவில் அவள் சிரித்து விளையாடினால், ஐயோ பொட்டுவை மறந்துவிட்டேனே என்று திடுக்கிட்டு நிறுத்தவிடாதே. அவள் சிரிப்பதைப் பார்க்கத்தானே பொட்டு அத்தனை குதி குதித்தாள்!

பொட்டு இப்போது எங்கே இருக்கிறாள் என்று பாப்பா கேட்கிறாள். அவள் உடம்பு கத்திவாக்கத்தில் சித்தப்பா வீட்டுப் பின்பக்கம், பூவரச மரத்தடியில் இருக்கிறது. பாப்பாவின் பழைய மஞ்சள் பாவாடையில் சுற்றித்தான் புதைத்தோம். உயிர் எங்கே போனது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தருமரோடு ஒரு நாய் கடைசிவரை நடந்துபோன கதையை ஆயா சொன்னதிலிருந்து, "பொட்டு கூட யாருமே போகலையே, தனியா போறாளே" என்று பிள்ளைக்கு அதே கவலை. பைரவர் தன் பக்கத்திலேயே நாயை நிற்கவைத்திருக்கிறவர். நாயின் அருமை தெரிந்தவர். அவரும் நீயும் பொட்டுவைத் தனியாக விடமாட்டீர்கள் என்று நம்பி உங்கள் கையில் விடுகிறோம்.

(இனி பாப்பா சொல்லட்டும். ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்கலாம். அவளாகச் சேர்த்துச் சொன்னால் குறுக்கே பேச வேண்டாம்.)

அம்மா, சாமி,
எனக்கு அழுகையா வருது.
பொட்டு இல்லாம வீடு நல்லாவே இல்ல.
அவளுக்கு இப்போ வலிக்கக் கூடாது.
ஊசி போட்ட கால் வலிக்கக் கூடாது.
வலது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா அவளுக்குப் பிடிக்கும், தெரிஞ்சுக்கோ.
பொட்டு, நீ என்னோட நாய். நான் உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ.
என் செருப்பைக் கடிச்சதுக்கு நானும் உன்னை மன்னிச்சுட்டேன்.
எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், இப்பவும் பிடிக்கும்.

(மறுபடி பெரியவர்.)

தாயே, இன்றைக்கு ராத்திரி பாப்பா தூங்க வேண்டும். நடுவில் விழித்து அழுதால் நான் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கும் பொறுமை கொடு. அவளுடைய அப்பா கண்ணீரை அடக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார், அவரையும் பார்த்துக்கொள். பொட்டுவோடு திரிந்த தெரு நாய்கள் இன்னமும் எங்கள் வாசலில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு எந்த நோவும் வராமல் காப்பாற்று. கழுத்துப் பட்டையைப் பாப்பா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். வேண்டும்மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறோம். அழுதுகொண்டே வந்தாலும் வருகிறோம்.

ஓம் சக்தி, பராசக்தி.