டாக்ஸ் இன்வாய்ஸ்

மூலப் பிரதி, வாங்குபவருக்கு

கோடும் புள்ளியும்
உரிமையாளர்: கு. கயல்விழி, கிராஃபிக் டிசைனர்
14/2, முதல் மாடி, பிள்ளையார் கோயில் தெரு, ராயபுரம், சென்னை 600013
ஜிஎஸ்டி எண்: 33AQZPK0000L1ZV

இன்வாய்ஸ் எண்: KP/25-26/017
தேதி: 18-11-2025
வேலை ஒப்படைத்த நாள்: 07-11-2025

பெறுபவர்
மூன்று உலக்கை மசாலா
37, முதல் சந்து, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 600021
ஜிஎஸ்டி எண்: 33AXZFM0000M1ZY

சேவை வழங்கும் இடம்: தமிழ்நாடு, மாநிலக் குறியீடு 33
ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரி: இல்லை
சேவைக் குறியீடு, எல்லா வேலைகளுக்கும்: 998391

| வ. எண் | வேலை | அளவு | விலை ரூ. | தொகை ரூ. |
|---|---|---|---|---|
| 1 | மீன் குழம்பு மசாலா 100 கிராம் பாக்கெட், முதன்மை வடிவமைப்பு, முன்னும் பின்னும் | 1 | 18,000 | 18,000 |
| 2 | அதே வடிவத்தில் கருவாட்டுக் குழம்பு, இறால், நண்டு, சிக்கன் மசாலா | 4 | 4,500 | 18,000 |
| 3 | ஐந்து வகைக்கும் 50 கிராம் பாக்கெட் அளவு | 5 | 1,200 | 6,000 |
| 4 | கடை முகப்பு போர்டுக்கான டிசைன் | 1 | 3,000 | 3,000 |
| | கூட்டுத்தொகை | | | 45,000 |
| | கழிவு | | | 2,000 |
| | வரிக்கு உட்பட்ட தொகை | | | 43,000 |
| | மத்திய ஜிஎஸ்டி 9% | | | 3,870 |
| | மாநில ஜிஎஸ்டி 9% | | | 3,870 |
| | இன்வாய்ஸ் மொத்தம் | | | 50,740 |

ஐம்பதாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் மட்டும்.

| கொடுக்க வேண்டியது | ரூ. |
|---|---|
| இன்வாய்ஸ் மொத்தம் | 50,740 |
| கழிக்க: அட்வான்ஸ், ரசீது வவுச்சர் RV/25-26/004, 06-10-2025 | 11,800 |
| மீதி | 38,940 |
| கூட்ட: உங்கள் பெயரில் அச்சகத்துக்குக் கட்டிய மாதிரி அச்சுச் செலவு | 1,770 |
| இப்போது தர வேண்டியது | 40,710 |

நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய் மட்டும். கடைசி நாள் 03-12-2025.

தொகைகள் பற்றி

கழிவு 2,000 என் பிழைக்கு. நண்டு மசாலா பாக்கெட்டின் பின்பக்கம் எடை 100 கிராம் என்று வர வேண்டிய இடத்தில், பழைய ஃபைலில் இருந்த 200 கிராம் அப்படியே போய்விட்டது. மாதிரி அச்சு வந்த பிறகுதான் உங்கள் தம்பி கண்ணில் பட்டது. மறு மாதிரிக்கு அச்சகம் வாங்கியதை நானே கட்டிவிட்டேன். உங்களுக்கு ஏற்பட்ட தாமதத்துக்காக இந்தக் கழிவு. இன்வாய்ஸிலேயே காட்டியிருப்பதால் வரி 43,000க்கு மட்டும்தான் வருகிறது.

அட்வான்ஸ் 11,800இல் 10,000 வேலைக்கு, 1,800 வரி. சேவைக்கு முன்பணம் வாங்கினால் அந்த மாதமே வரி கட்ட வேண்டும் என்பதால் அக்டோபர் கணக்கில் கட்டிவிட்டேன். மேலே உள்ள 7,740 வரிக்குள் அந்த 1,800 அடக்கம். உங்களிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மாதிரி அச்சு 1,770க்கு மண்ணடி அச்சகத்தின் பில் உங்கள் நிறுவனப் பெயரிலும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணிலும் இருக்கிறது: 1,500 அச்சு, 270 வரி. நீங்கள் சொன்னபடி உங்களுக்காகக் கட்டினேன், ஒரு ரூபாய் கூட வைக்கவில்லை. அதனால் என் வரிக் கணக்கில் அது வராது. அந்த 270க்கு உள்ளீட்டு வரி எடுக்க வேண்டியது அந்தப் பில்லை வைத்துத்தான், இதை வைத்து அல்ல. மூல பில் பின் பண்ணியிருக்கிறது.

நிபந்தனைகள்

முழுப் பணமும் வந்த அன்றே, ஏற்றுக்கொண்ட பத்து பாக்கெட் டிசைன்களுக்கும் போர்டு டிசைனுக்கும் பதிப்புரிமை மூன்று உலக்கை மசாலாவுக்கு மாறுகிறது. உலகம் முழுவதும், பதிப்புரிமை இருக்கும் காலம் வரை. எழுத்தில் காலமும் இடமும் சொல்லாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு, இந்தியாவுக்குள் என்று எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன். நீங்கள் வேண்டாம் என்ற மூன்று மாதிரிகள் என்னுடையவை. அந்தக் கறுப்பு உலக்கைப் படம் உட்பட.

பாக்கெட்டில் உள்ள உணவுப் பாதுகாப்பு உரிம எண், பார்கோடு, சேர்மானப் பட்டியல் எல்லாம் நீங்கள் எழுதிக் கொடுத்தவை. அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை விரல் வைத்துப் படித்துவிடுங்கள். உரிம எண் 14 இலக்கம், பார்கோடு 13. ஐந்து வகைக்கும் பச்சைக் குறிதான் போட்டிருக்கிறேன். முகப்பில் மீனும் நண்டும் இருந்தாலும் பொடிக்குள் மிளகாய், மல்லி, சீரகம் தவிர வேறில்லை என்றீர்கள். யாராவது அசைவத்துக்கான பழுப்புக் குறி கேட்டால் சேர்மானப் பட்டியலைக் காட்டுங்கள்.

இனி திருத்தம் வந்தால் ஒரு பாக்கெட்டுக்கு 600, வரி தனி. விலை மாற்றம் மட்டும் என்றால் இலவசம்.

என் தொழில் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். சான்றின் நகல் இத்துடன் இருக்கிறது.

பணம் அனுப்ப

அக்டோபரில் அட்வான்ஸ் போட்ட அதே கணக்கு, கடைசி நான்கு இலக்கம் 4471. கணக்கு மாறவில்லை, மாறவும் போவதில்லை. வேறு கணக்கில் போடச் சொல்லி என் பெயரில் செய்தி வந்தால் பணம் போடாமல் ஒரு போன் போடுங்கள்.

அண்ணாச்சிக்கு, பில்லோடு ஒரு வார்த்தை

வணக்கம் அண்ணாச்சி. “பில்லு ஒரு தாள்ல முடியணும்”னு சொன்னீங்க, கொஞ்சம் நீண்டுவிட்டது. போன தடவை உங்க ஆடிட்டர் ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு நாலு நாள் போச்சு இல்லையா, அதனால எல்லாத்தையும் இதிலேயே எழுதிவிட்டேன்.

ஆடிட்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்க. ஒன்று, டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருந்தால் 43,000 மேல்தான், ஜிஎஸ்டியைச் சேர்க்காமல். பிடிக்கும்போது என் பான் எண் தனியாகத் தேட வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்து, AQZPK0000L. இரண்டு, டிசம்பர் 11க்குள் நான் ஜிஎஸ்டிஆர்-1 போட்டுவிடுவேன், 14ஆம் தேதிக்குப் பிறகு உங்க ஜிஎஸ்டிஆர்-2பியில் இந்த 7,740 தெரியும். தெரியலைன்னா அப்பவே சொல்லுங்க, எண்ணில் ஏதாவது ஒரு எழுத்து மாறியிருக்கும். மூன்று, 180 நாளுக்குள் பில்லை முடிக்காமல் விட்டால் எடுத்த வரியை உங்க பக்கம் திருப்பிக் கட்ட வேண்டி வரும். நீங்க அவ்வளவு நாள் இழுக்கிற ஆள் இல்லை, ஆடிட்டர் கேட்பார்னுதான் எழுதினேன்.

அச்சுக்கான ஃபைல்கள் இன்று காலையே அனுப்பியாச்சு. பெரிய பாக்கெட்டின் சிவப்பு, திரையில் தெரிவதைவிட அச்சில் ஒரு பங்கு அடர்த்தியாக வரும். அச்சகத்தில் முதல் ரோல் ஓடும்போது தம்பியை அனுப்பி, நான் கொடுத்த அட்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. சரியில்லை என்றால் அங்கிருந்தே கூப்பிடட்டும், ராயபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன்.

கு. கயல்விழி
உரிமையாளர், கோடும் புள்ளியும்
18-11-2025