நீள்வட்ட உருவத்தைக் கொண்டு இரு சமிக்ஞைகளின் கட்ட வேறுபாட்டை அளத்தல்: செய்முறைப் பதிவு

நோக்கம்

தொடராக இணைத்த மின்தடை, மின்தேக்கிச் சுற்றில் உள்ளீட்டு மின்னழுத்தத்திற்கும் மின்தேக்கியின் மின்னழுத்தத்திற்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை, அலைகாட்டித் திரையில் தோன்றும் லிசாஜூ உருவத்திலிருந்து கண்டறிதல்.

தத்துவம்

ஒரே அதிர்வெண்ணுடைய இரு சைன் அலைகளில் ஒன்றை X தகடுகளுக்கும் மற்றொன்றை Y தகடுகளுக்கும் செலுத்தினால், பொதுவாக ஒரு நீள்வட்டம் உருவாகிறது. X = 0 ஆகும் கணத்தில் Y அலையின் மதிப்புக்கும் அதன் வீச்சுக்கும் உள்ள விகிதம் கட்ட வேறுபாட்டை மட்டுமே சார்ந்திருப்பதால், செங்குத்து அச்சை நீள்வட்டம் வெட்டும் இரு புள்ளிகளின் இடைவெளி a எனவும், நீள்வட்டத்தின் மொத்த உயரம் b எனவும் கொண்டால்,

sin φ = a / b

இது ஒரு விகிதமாதலால் Y பெருக்கத்தின் துல்லியம் முடிவைப் பாதிப்பதில்லை. எனவே உயரத்தை வசதியான அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செய்முறை

1 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இணைக்கப்பட்டன. அலைகாட்டியின் இரு உள்ளீடுகளுக்கும் தரை முனை பொதுவானது என்பதால், மின்தேக்கி தரைப் பக்கம் அமைக்கப்பட்டது. இடம் மாறினால் தரை இணைப்பே மின்தடையைக் குறுக்குச் சுற்றாக்கிவிடும். உள்ளீடு X-க்கும், மின்தேக்கியின் மின்னழுத்தம் Y-க்கும் தரப்பட்டன. முதலில் இரு உள்ளீடுகளையும் தரையிட்டு, ஒளிர்வைக் குறைத்து, ஒளிப்புள்ளியைத் திரையின் மையத்தில் நிறுத்தினோம். மையம் சிறிது விலகினாலும் a தவறாகிவிடும் என்பதால் இப்படியில் அவசரம் கூடாது. பிறகு ஒரே சமிக்ஞையை இரண்டிற்கும் கொடுத்துப் பார்த்தபோது, 5 கிலோஹெர்ட்ஸ் வரை நேர்கோடே கிடைத்தது. ஆகவே அந்த எல்லைக்குள் கருவி தானாகக் கட்ட வேறுபாடு எதையும் சேர்க்கவில்லை எனக் கொண்டோம்.

அளவீடுகள்

ஒவ்வொரு முறையும் b 6.0 கட்டங்களாக அமைக்கப்பட்டது. 1 கிலோஹெர்ட்ஸில் a = 3.2 கட்டங்கள், φ = 32.2°; 2 கிலோஹெர்ட்ஸில் a = 4.7, φ = 51.6°; 5 கிலோஹெர்ட்ஸில் a = 5.7, φ = 71.8°. tan φ = 2πfRC என்ற சமன்பாடு இவற்றுக்கு முறையே 32.1°, 51.5°, 72.3° தருகிறது. நீள்வட்டம் வலப்புறமே சாய்ந்திருந்ததால் φ குறுங்கோணம். இடப்புறம் சாய்ந்திருந்தால் கணக்கிட்ட கோணத்தை 180°-இலிருந்து கழிக்க வேண்டியிருந்திருக்கும்.

பிழைகள்

திரையில் 0.1 கட்டம் வரை பிழை நேரலாம். 1 கிலோஹெர்ட்ஸில் a 3.3 என வாசிக்கப்பட்டால் கோணம் 1.1° மட்டுமே கூடும். 5 கிலோஹெர்ட்ஸில் 5.8 என வாசிக்கப்பட்டாலோ 3.4° கூடிவிடும். 90°-ஐ நெருங்கும்போது சைன் மதிப்பு மிக மெதுவாக மாறுவதே இதற்குக் காரணம். மின்தேக்கியில் குறித்த மதிப்புக்கே 10 விழுக்காடு வேறுபாடு அனுமதிக்கப்பட்டுள்ள நிலையில், அளவீடும் கணக்கீடும் அரை பாகைக்குள் ஒத்துப்போனதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. எந்த அலை முந்துகிறது என்பதை நிலையான நீள்வட்டம் காட்டாது. உள்ளீடே முந்துகிறது என்பது, இரு அலைகளையும் நேர அச்சில் ஒருசேரப் பார்த்து உறுதிசெய்யப்பட்டது.