மனநல ஆலோசனை: ஆகஸ்ட் 4 முதல் ஆலைப் பணியாளர் அனைவருக்கும்

அன்பான பணியாளர்களுக்கு,

குறுவை நெல் வந்து இறங்கத் தொடங்கிவிட்டால் நம் ஆலையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. அதற்கு முன்பே இந்தச் செய்தியைச் சொல்லிவிட விரும்புகிறேன். ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை முதல் நம் எல்லோருக்கும் மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டணத்தை ஆலை ஏற்கிறது. நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், சுமை தூக்குவோர், டிரைவர் என்ற வேறுபாடு இல்லை. உங்கள் வீட்டில் உள்ளவர்களும் வரலாம்.

போன வருடம் இதே முயற்சியைச் செய்து தோற்றோம். கேண்டீனுக்குப் பக்கத்து அறையில் ஆலோசகரை உட்கார வைத்தோம். இரண்டு நாளும் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. எப்படிப் போவார்கள்? டீ குடிக்கிறவர்கள் எல்லோர் கண்ணும் அந்தக் கதவின் மேல்தான் இருந்தது. "அவனுக்கு என்னவாம்?" என்ற ஒரு கேள்வி போதும், மறுநாள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அது எங்கள் தவறு.

இந்த முறை இடம் ஆலைக்கு வெளியே. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், கணினிப் பயிற்சி மையம் இருக்கும் கட்டடத்தின் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஆலோசகரும் சனிக்கிழமை ஓர் ஆண் ஆலோசகரும் காலை 10 முதல் இரவு 8 வரை இருப்பார்கள். ஒருவருக்கு வருடத்தில் 8 முறை வரை. நேரம் கேட்கும் தொலைபேசி எண்ணை இந்த மாதச் சம்பளச் சீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கிறோம், எல்லோருடைய சீட்டிலும். அதனால் அந்த எண் உங்களிடம் இருப்பதை வைத்து யாரும் எதையும் நினைக்க முடியாது. ஷிப்டு நேரத்தில் போக வேண்டுமென்றால் இரண்டு மணி நேர அனுமதி உண்டு. காரணத்துக்கு "சொந்த வேலை" என்று எழுதினால் போதும். மேற்பார்வையாளர் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

யார் வந்தார்கள் என்று எனக்கோ முதலாளிக்கோ தெரியாது. மாதக் கடைசியில் "இத்தனை அமர்வுகள்" என்ற எண்ணிக்கை மட்டும் பில்லில் வரும். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. முக்கியமான ஒரு விலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் ஆலோசகர் பேசுவார். அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்.

எதற்கெல்லாம் போகலாம் என்று சிலர் கேட்டார்கள். தொடர்ந்து இரவு ஷிப்டு பார்த்துப் பகலில் தூக்கம் வராதவர்கள் போகலாம். அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்த கவலையை மனதில் சுமந்துகொண்டு பாய்லர் முன்னால் நிற்பவர் போகலாம். வட்டிக்கடன், மாமியார் மருமகள் சண்டை, பிள்ளையின் படிப்பு, துக்கம், எதுவானாலும் சரி. ஆலோசகர் கடனை அடைத்துத் தர மாட்டார். ஆனால் கடனை நினைத்து நெஞ்சு படபடக்கும் ராத்திரியை எப்படிக் கடப்பது என்று உங்களோடு உட்கார்ந்து யோசிப்பார்.

குடியைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருப்பது தெரியும். போகாது. குடித்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் வரக் கூடாது என்ற விதி பழையபடி இருக்கும். விட வேண்டும் என்று நினைத்து உதவி கேட்பவர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் தோப்பில் 60 தென்னை சாய்ந்தது. அப்பா வைத்த மரங்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். என் மனைவிதான் கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்களே என்று முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன், பேசினேன், தேறினேன். இப்போது இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆலோசகர் மாத்திரை தர மாட்டார். மருந்து தேவை என்று தோன்றினால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். இரவில் தாங்க முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

ஷிப்டு பொறுப்பாளர்கள் இதை ஒவ்வொரு ஷிப்டு தொடக்கத்திலும் ஒரு வாரம் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேலாளர், பணியாளர் நலப் பிரிவு