அந்த 0.4 மில்லி

மூணு தடவையும் 18.6 வந்து நின்னதும் வளர்மதிக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம், HCl எஸ்டிமேஷன், பியூரெட்ல NaOH. NaOH-ஓட ஸ்ட்ரெங்த்தைக் கண்டுபிடிக்க ஸ்டேண்டர்ட் ஆக்சாலிக் ஆசிட் வச்சு பண்ற முதல் டைட்ரேஷனை அவ பார்ட்னர் ஜெனி முடிச்சுட்டா, 20.2. ரெண்டாவது வளரோடது. கன்கார்டன்ட் வேல்யூ வராம பாதி கிளாஸ் தவிச்சுக்கிட்டு இருக்க, இவளுக்கு மட்டும் மூணும் ஒரே நம்பர்.

கணக்கு போட்டு, 100 மில்லில 0.3357 கிராம்னு எழுதி கொண்டுபோய் நீட்டினா. மேடம் தன்னோட நோட்டைத் திறந்து பார்த்துட்டு, "ஆக்சுவல் 0.3430மா. 2.1 பர்சன்ட் எரர்"னு சொல்லி ரெண்டு பேருக்கும் சேர்த்து மார்க்கைக் குறைச்சுட்டாங்க. 2 பர்சன்ட்டுக்குள்ள வந்தாதான் அங்க ஃபுல் மார்க்.

வளருக்கு மனசு ஆறல. மூணும் ஒண்ணா வந்திருக்கே, எப்படி தப்பாகும்னு அதே யோசனை. ரஃப் நோட்டை எடுத்து பின்னாடியிருந்து கணக்கு போட்டா, 0.3430 வரணும்னா பியூரெட் ரீடிங் 19.0 வந்திருக்கணும். அப்போ 0.4 மில்லி எங்க போச்சு?

ஒவ்வொண்ணா யோசிச்சுப் பார்த்தா. எண்ட் பாயிண்ட்டைத் தாண்டி ஊத்திட்டமான்னு பார்த்தா, தாண்டியிருந்தா ரீடிங் கூடத்தான் செய்யும், குறையாது, அதுவும் இவளுக்கு வந்தது நிக்குதா நிக்கலையான்னு தெரியாத அளவுக்கு லேசான பிங்க். பியூரெட் நுனியில காத்துக்குமிழ் இருந்து நடுவுல வெளிய போயிருந்தாலும் கூடத்தான் செய்யும். பிப்பெட்டை வெறும் தண்ணில அலசிட்டு அப்படியே ஆசிட்டை எடுத்திருந்தா ஆசிட் நீர்த்துப்போய் ரீடிங் குறையும், ஆனா HCl போட்டு அலசினது அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

"விடுடி வளரு, அடுத்த எக்ஸ்பெரிமெண்ட்ல பாத்துக்கலாம்"னா ஜெனி.

"இல்லடி, இன்னொரு தடவை பண்றேன், சொல்யூஷன் மிச்சம் இருக்கு, நீ பக்கத்துல நின்னு பாரு, எங்கயாவது தப்பு பண்ணா சொல்லு."

ஃபனலை வச்சு NaOH ஊத்தி, ஃபனலை எடுத்துட்டு, அண்ணாந்து பார்த்துக்கிட்டே ஸ்டாப்காக்கை மெல்லத் திருப்பி, குழிஞ்சு நிக்கிற திரவ மட்டத்தோட அடி, அதான் லோயர் மெனிஸ்கஸ், ஜீரோ கோட்டைத் தொட்டதும் நிறுத்தினா. ஜெனி நல்ல உயரம், நின்ன இடத்துலயே அவ கண்ணுக்கு நேரா இருந்துச்சு அந்தக் கோடு.

"ஏய், இது ஜீரோவே இல்லடி. கோட்டுக்கு மேல நிக்குது."

"கரெக்டா தொடுதுடி!"

"நீ ஸ்டூல்ல ஏறிப் பாரு."

ஏறினா. கோட்டுக்கு மேல நாலு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது மெனிஸ்கஸ். இறங்கிப் பார்த்தா திரும்பவும் கோட்டுலயே. ஏறி இறங்கி ஏறி இறங்கி பார்த்தவ சட்டுன்னு இன்னொண்ணைக் கவனிச்சா, அந்த ஜீரோ கோடு பியூரெட்டைச் சுத்தி முழு வளையமா போட்டிருந்தாங்க, கீழயிருந்து பார்த்தா வளையத்தோட முன்பக்கமும் பின்பக்கமும் ரெண்டு கோடா பிரிஞ்சு தெரியுது, ஸ்டூல்ல நின்னு கண்ணை நேரா வச்சா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து ஒரே கோடு ஆயிடுது. மெனிஸ்கஸோட அடிப்பகுதி இருக்கிறது குழாயோட நடுவுல, கோடு இருக்கிறது கண்ணாடியோட வெளிப்பக்கம். அரை சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி, கீழயிருந்து சாய்வா பார்த்தா மேல நிக்கிறதும் கோட்டுலயே இருக்கிற மாதிரிதான் தெரியும்.

"பேரலாக்ஸ்டி!"ன்னு கத்திட்டா வளர். "ஆனா கடைசி ரீடிங்லயும் அதே தப்பு வந்தா கழிச்சதும் அடிபட்டுப் போயிருக்கணுமே?"

கேட்டதும் அவளுக்கே பதில் கெடச்சுது. 18.6 இருக்கிற இடம் ஜீரோவுக்கு ஒரு ஜாண் கீழ, அவ கண்ணுக்கு நேரா. மேல தப்பு, கீழ சரி. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நின்னு ஒரே மாதிரி அண்ணாந்து பார்த்ததால தப்பும் ஒரே அளவுல வந்து மூணு ரீடிங்கும் அழகா ஒத்துப்போயிடுச்சு. முதல் டைட்ரேஷனையும் அவளே பண்ணியிருந்தா ரெண்டுலயும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சு விடை சரியாகூட வந்திருக்கும், அதைப் பண்ணது ஜெனி.

ஸ்டூல்ல நின்னு ஜீரோ வச்சு, இறங்கி டைட்ரேட் பண்ணா. 19.0. இன்னொரு தடவை, 19.0.

மேடம்கிட்ட ரஃப் நோட்டோட போய் எல்லாத்தையும் சொன்னா. அவங்க எழுந்து வந்து வளர் நிக்கிற இடத்துல நின்னு, கொஞ்சம் குனிஞ்சு அவ உயரத்துக்கு வந்து அந்த ஜீரோவைப் பார்த்தாங்க. அப்புறம் அட்டெண்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "பெஞ்சுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கண்ணா, இல்லாத பெஞ்சுல பியூரெட்டைக் கழட்டி கண்ணுக்கு நேரா பிடிச்சு ஜீரோ வச்சுட்டு மாட்டச் சொல்லுங்க"ன்னாங்க. வளரோட நோட்டை வாங்கி 0.3357-ஐ அடிச்சுட்டு புது விடையை எழுதச் சொன்னாங்க.

ஜெனி தன்னோட நோட்டையும் நீட்டினா. "மேடம், எனக்கும் மார்க் குறைச்சிருக்கீங்க."